மடியில் வைத்திருப்பது தாய்மாமன்

எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டு, அதன் கீழே நான் எழுதியது இவ்வளவுதான். பெயர்களை மட்டும் இங்கே எடுத்துவிட்டேன்.

“படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். மடியில் வைத்திருப்பது நான், தாய்மாமன். குடியாத்தம் லுங்கிக் கடை வீட்டு மூத்த பிள்ளை. நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள், நான் ஆண். அப்பா, அம்மா, ஆயா, தங்கச்சி, மாப்பிள்ளை எல்லோருக்கும் இது முன்பே தெரியும். அவர்கள் கூப்பிடும் பெயரிலேயே நீங்களும் கூப்பிடுங்கள். வர முடியாதவர்களுக்குத் திருநீறு எடுத்து வைத்திருக்கிறோம்.”

இதைப் படித்த ஒரு தம்பி, அவனும் திருநம்பிதான், “எப்படிண்ணா இவ்வளவு அமைதியா எழுதினீங்க?” என்று கேட்டான். அவன் வீட்டிலும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வாசலுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வீட்டில் ஏற்றுக்கொண்ட பிறகு இதை எதற்காக எழுத வேண்டும் என்பதில் எனக்கே வெகுநாள் தெளிவில்லை. அம்மா என்னை மகன் என்று சொல்லிப் பழகிவிட்டார். தங்கச்சி ‘அண்ணா’ என்கிறாள். மாப்பிள்ளை ‘மச்சான்’ என்கிறார். ஆயா தட்டில் சோறு போடும்போது ‘இன்னும் கொஞ்சம் துன்னுடா’ என்கிறார், அந்த ‘டா’ எனக்குப் போதுமானதாக இருந்தது. வேலை வேலூரில். வாரக் கடைசியில் குடியாத்தம் பஸ் ஏறினால் வீடு. இதற்கு மேல் யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவோடு கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மதியம் அந்த எண்ணம் மாறியது. நெசவுக்காரர் ஒருவர் உருப்படிகளைப் போட வந்தார். அப்பாவுக்குப் பழைய பழக்கம். பேச்சுவாக்கில், “பெரிய பொண்ணுக்கு வரன் எதுனா பாத்துக்கீறீங்களா?” என்று கேட்டார். நான் உள்ளே பில் எழுதிக்கொண்டிருந்தேன். தாடியோடு இருக்கும் என்னைக் கடையில் வேலைக்கு வந்த பையன் என்று நினைத்திருப்பார். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “அது வேலூர்ல வேலைல இருக்குது” என்றார். பொய் இல்லை. ஆனால் அதைச் சொன்னபோது அப்பாவின் முகம் அவர் முகமாக இல்லை.

அன்றுதான் புரிந்தது. நான் வீட்டில் சொல்லிவிட்டு நிம்மதியாகிவிட்டேன். அந்த நாளிலிருந்து ரகசியத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் அவர்கள். கல்யாண வீட்டில் அம்மாவைக் கேட்கிறார்கள், கோயிலில் ஆயாவைக் கேட்கிறார்கள், தங்கச்சியை அவள் மாமியார் வீட்டுச் சொந்தங்கள் கேட்கிறார்கள். எனக்கு நேராக யாரும் எதுவும் கேட்பதில்லை. கேள்வி எல்லாம் என்னை ஏற்றுக்கொண்டவர்களிடம்தான் போகிறது, அவர்களிடம் அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை.

ஆகவே இந்தக் குறிப்பை எனக்காக எழுதவில்லை, அப்பாவின் வாய்க்கு எழுதினேன். நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்றுதான்: இந்த வரியைக் கடையில் நின்றுகொண்டு, நெசவுக்காரரிடம், குரல் மாறாமல் அப்பாவால் சொல்ல முடியுமா? முடிந்தால் வரி இருக்கட்டும். முடியாவிட்டால் அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வேறு இடத்துக்கு உரியது. படிப்பவர்களுக்கு அமைதி என்று தோன்றுவது இந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான். அதில் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டால் மறுப்பதற்கும் இடம் கொடுத்தது போலாகும். ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் ஏற்றுக்கொண்டாயிற்று என்ற செய்தியைத்தான் சொந்தங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் எழுதியது இப்படி இல்லை, மூன்று மடங்கு நீளம். அதிலிருந்து எதையெல்லாம் எடுத்தேன் என்பதுதான் அந்தத் தம்பிக்கு அதிகம் உதவியது.

முதலில் போனது சட்டம். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை ஏற்றது. 2019இல் திருநர் உரிமைச் சட்டம் வந்தது, 2020இல் அதற்கு விதிகள் வந்தன. நான் சான்றிதழ் வாங்கியபோது அந்த விதிகள்தான். இணையத்தில் விண்ணப்பம், கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம். சான்று தருவது மாவட்ட ஆட்சியர். திருநர் என்ற சான்றுக்கு உடல் பரிசோதனை கேட்கக்கூடாது என்று அப்போது இருந்தது. ‘ஆண்’ என்றே சான்று வேண்டுமானால் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைச் சான்றோடு தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. இதையெல்லாம் குறிப்பில் எழுதியிருந்தேன். ஆனால் எங்கள் குழுவில் ஒரு பெரியப்பா இருக்கிறார், எந்தச் சட்டத்தைச் சொன்னாலும் விவாதத்துக்கு இழுப்பார். சட்டத்தைச் சொன்னால் பேச்சு சட்டத்தைப் பற்றியதாகிவிடும், பாப்பாவின் காதுகுத்து மறைந்துவிடும். நெசவுக்காரரிடம் அப்பா உச்ச நீதிமன்றத்தைச் சொல்லப் போவதும் இல்லை.

அந்தக் காகிதங்களில் அப்பாவுக்கு முக்கியமாகப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அது குடும்ப அட்டை. அதன் பதிவில் குடும்பத் தலைவருக்கு உறவுமுறை என்ற இடத்தில் ‘மகள்’ போய் ‘மகன்’ வந்த அன்று, அட்டையை அலமாரியில் பத்திரம் வைக்கும் பையில் வைத்தார்.

அடுத்துப் போனது உடம்பு. ஊசி, குரல் உடைந்தது, அறுவை சிகிச்சை, எதைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நான் வெட்கப்பட்டு விடவில்லை. எந்த மருத்துவச் செய்தியைச் சொன்னாலும் அடுத்த கேள்வி இன்னும் உள்ளே போகும். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கப் போகிறவர் அம்மா. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் மகனுடைய உடம்பைப் பற்றி அம்மாவை யாரும் கேட்கும்படி நான் வைக்க மாட்டேன்.

மூன்றாவது, ரேணுகா. வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்றால் வடஆற்காடு முழுக்கத் தெரியும். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து, கெங்கையம்மன் கோயிலில் வேறொரு பெண்ணின் உடலில் பொருத்தப்படும். வெட்டுண்ட ரேணுகாவின் தலையும் சண்டாளச்சி உடலும் சேர்ந்த கதை. எங்கள் குலதெய்வமும் படவேட்டு ரேணுகாம்பாள்தான். என்னைத் தெரிந்த சிலர், அன்போடுதான், “உனக்காகவே இருக்கிற கதை” என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன், பிறகு எடுத்துவிட்டேன். அது தந்தை சொல்லுக்காக மகன் தாயை வெட்டிய கதை, அந்த வேதனை அவளுடையது. என் தலையும் என் உடலும் யாராலும் மாற்றிப் பொருத்தப்பட்டவை அல்ல. நான் சிறு வயதிலிருந்து நானாகவே இருந்தேன். அந்தக் கதையைப் போட்டால் படிப்பவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடுவார்கள், அல்லது பயப்படுவார்கள். அப்பாவுக்கு இரண்டும் வேண்டாம்.

நான்காவது, வீட்டாருக்கு நன்றி. இதை எடுக்கத்தான் எனக்கு மனமே வரவில்லை. எவ்வளவு சொன்னாலும் தீராது. ஆனால் தங்கச்சி சொன்னாள்: “நன்றின்னு எழுதுனா நாங்க என்னமோ பெருசா விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்ணா. அண்ணனா இருக்கிறதுக்கு எங்களுக்கு எதுக்கு நன்றி?” அவள் சொன்னது சரி. நன்றியை அவளிடம் நேரில் சொன்னேன். குறிப்பில் அவர்களை வரிசையாக, அப்பா, அம்மா, ஆயா, தங்கச்சி, மாப்பிள்ளை என்று எழுதியதோடு நிறுத்தினேன். அந்த வரிசையே போதும். படிக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் அந்தப் பட்டியலில் தனக்கு மரியாதைக்குரியவர் ஒருவராவது இருப்பார். எங்கள் பக்கத்தில் ஆயாவுக்குத் தெரியும் என்றால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

பழைய பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதில்தான் நீண்ட நேரம் போனது. எழுதாவிட்டால், ஆரணியிலும் பேரணாம்பட்டிலும் இருக்கும் தூரத்துச் சொந்தங்களுக்கு இது யார் என்றே தெரியாது. எழுதினால், அந்தப் பெயர் கடைசியாக ஒருமுறை என் கையாலேயே எழுதப்பட்டு, என் படத்தின் கீழே நிற்கும். பிறகு யார் தேடினாலும் அதுதான் முதலில் கண்ணில் படும். அப்பா ஒரு நொடியில் தீர்த்துவைத்தார். “எங்க வூட்டு மூத்த புள்ளைன்னு எழுது. எனக்கு மூத்தது ஒண்ணுதானே.” பிள்ளை என்றால் யாருக்கும் குழப்பம் இல்லை. நம் ஊரில் ஒருவரை அடையாளம் சொல்ல வீட்டையும் வரிசையையும்தானே சொல்கிறோம். பழைய பெயர் தேவைப்படவே இல்லை. வீட்டு அடையாளம் தெரிந்த சொந்தங்களுக்கு எழுதும்போது இந்த வழி மிக நன்றாக வேலை செய்கிறது. அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ எழுதுபவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும்.

‘திருநம்பி’ என்ற சொல்லை வைத்தேன். வேலூர்ப் பக்கம் திருநங்கை என்றால் தெரியாதவர் இல்லை. 2022 உள்ளாட்சித் தேர்தலில் வேலூர் மாநகராட்சியின் 37வது வார்டில் கங்கா என்ற திருநங்கை வென்று மாமன்ற உறுப்பினரானார். எங்கள் கடைக்கு வருகிறவர்கள்கூட அதைப் பெருமையாகப் பேசினார்கள். ஆனால் திருநம்பியை நேரில் பார்த்ததாக யாரும் சொல்வதில்லை. பக்கத்தில் நின்றாலும் தெரிவதில்லை, அதுதான் காரணம். நான் வெறுமனே அந்தச் சொல்லை மட்டும் போட்டிருந்தால், பாதிப் பேர் நான் ஆணாகப் பிறந்து பெண்ணானதாக எடுத்துக்கொண்டு, தாடி வைத்த படத்தைப் பார்த்துக் குழம்பியிருப்பார்கள். அதனால்தான் அடுத்த வரி: பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள், நான் ஆண். இதில் ‘பெண்ணாக இருந்தேன்’ என்று எழுதவில்லை, ‘மாறினேன்’ என்றும் எழுதவில்லை. எழுதியது மற்றவர்கள், ஆஸ்பத்திரியில், ஒரு தாளில். அந்த வரியை அப்பா இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தார். மூன்றாவது முறை பார்க்காமல் சொன்னார்.

இனி படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் கனமான பகுதி அதுதான்.

என் தங்கச்சி பிள்ளைகளுக்கு நான் பெரியம்மாவா, தாய்மாமனா என்பது கூப்பிடுகிற வார்த்தையோடு முடிவதில்லை. பெரியம்மா என்றால் கூட நிற்கலாம், தட்டு ஏந்தலாம், குழந்தைக்குச் சட்டை மாற்றலாம். தாய்மாமன் இல்லாமல் சடங்கே தொடங்காது. முதல் முடி இறக்கும்போதும் காது குத்தும்போதும் குழந்தை அவன் மடியில்தான் இருக்க வேண்டும். அவனுக்கு மாலை போடுவார்கள். அவன் சீர்த்தட்டுகளோடு வர வேண்டும்: புதுத்துணி, பழம், வெற்றிலை பாக்கு, பூ, பொட்டுக்கடலை வெல்லம், குழந்தைக்குக் காதில் போடும் தங்கம். தங்கச்சியின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது நான் வீட்டில்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் பெரியப்பா மகன்தான் அண்ணன் முறையில் தாய்மாமனாக உட்கார்ந்தார். நான் புடவையில், பக்கத்தில் நின்று பழத்தட்டு பிடித்திருந்தேன். அந்தப் படம் எல்லார் வீட்டு போனிலும் இருக்கிறது.

இந்த முறை நான் உட்கார்ந்தால், அந்த அண்ணனின் இடத்தை எடுத்துக்கொள்வதாக ஆகும். வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டதால் வேறு யாருக்கும் எதுவும் குறையவில்லை. சபையில் உட்காரும்போதுதான் ஒருவருக்குக் குறைகிறது. குறிப்பு எழுதும் முன் நான் போய்ப் பார்க்க வேண்டியவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றியது. அவருக்கு அரசல் புரசலாகத் தெரியும், வாய் விட்டுப் பேசியதில்லை. வீட்டுக்குப் போய், காப்பி குடித்து முடித்த பிறகு சொன்னேன். அவர் கேட்டது என் உடம்பைப் பற்றியோ பெயரைப் பற்றியோ இல்லை. “சீரு நீ வெப்பியா, நான் வெக்கணுமா?” என்றார். நான் வைக்கிறேன் என்றேன். “அப்ப நீ உக்காரு. ஒரு தட்டு நான் எடுத்துக்கினு வரேன், அதை வாணாங்காத” என்றார். அவ்வளவுதான். கோயிலில் அவர் தட்டு எங்கள் தட்டுகளோடு வரிசையில் இருந்தது. படத்தின் ஓரத்தில் அவர் கை தெரிகிறது.

பெரியவர்களுக்குத் தகவல் போன வரிசையையும் சொல்ல வேண்டும். மூத்தவர்கள் இதைப் போனில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது அப்பாவின் முடிவு. செய்தியில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லாவிட்டாலும், ‘என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல’ என்பது ஆயுளுக்கும் நிற்கும். வைகாசி ஒன்றாம் தேதிக்கு வெளியூர்ச் சொந்தங்கள் எல்லாம் குடியாத்தம் வருவார்கள். கூட்டத்துக்கு நடுவில் சொல்லவில்லை. ஊர்வலம் முடிந்து, வெயிலுக்கு வீட்டுக்குள் வந்து சாய்ந்திருந்தபோது, அப்பா அவருடைய அண்ணனிடமும், அம்மா தன் அக்காவிடமும், தனித்தனியாகச் சொன்னார்கள். நான் அந்த இடத்தில் இல்லை. நான் இருந்தால் அவர்கள் என் முகத்துக்காக ஏதாவது சொல்வார்கள். அப்பா தனியாகச் சொன்னால் கேட்கிறவர்கள் அவரைக் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள், அவரும் பதில் சொல்லிப் பழகுவார். ஆடி வெள்ளிகளில் படவேட்டில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் காதுகுத்தை ஆவணிக்கு வைத்தோம். அந்த இடைவெளி மூத்தவர்களுக்கு யோசிக்கவும் பேசித் தீர்க்கவும் போதுமானதாக இருந்தது.

குறிப்பைக் காதுகுத்துக்கு முன்னால் போடக் கூடாது என்று தங்கச்சி உறுதியாக இருந்தாள். முன்னால் போட்டால் வருகிறவர்கள் என்னைப் பார்க்க வருவார்கள், அது பாப்பாவின் நாள். முடிந்த பிறகு போட்டால், கண்ணால் பார்த்ததை நான் பெயர் சொல்லி உறுதி செய்கிறேன், அவ்வளவே. படம் பாப்பாவுடையது என்பதால் தங்கச்சியும் மாப்பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை தன் அம்மா அப்பாவிடமும் படத்தைக் காட்டி, இதைப் போடலாமா என்று கேட்டார். சம்பந்தி வீட்டில் சரி என்று சொல்லும் வரை காத்திருந்தோம். அவர்கள் தெருவிலும் நாளைக்கு யாராவது கேட்பார்கள் அல்லவா.

படத்தைக் குழுவில் மட்டும் போட்டேன். ஸ்டேட்டஸில் வைக்கவில்லை, பேஸ்புக்கில் போடவில்லை. ஸ்டேட்டஸ் என்றால் என் எண்ணை வைத்திருக்கும் வாடகை வீட்டுக்காரர், பழைய மேலாளர் எல்லோரும் பார்ப்பார்கள். யார் பார்க்கலாம் என்று அதில் தேர்ந்தெடுக்க முடியும், ஆனால் அந்தப் பட்டியலில் ஒருவரை மறந்தாலும் போய்விட்டது. குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து யாராவது வெளியே அனுப்ப மாட்டார்களா என்றால், அனுப்புவார்கள். அதனால்தான் ஒவ்வொரு வரியும், வெளியே போனாலும் எங்கள் வீட்டுக்குத் தலைகுனிவு வராத வரியாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன். அந்தத் தம்பிக்கு இதை அழுத்திச் சொன்னேன்: வாடகை வீடும் வேலையும் இன்னும் உறுதியில்லாமல் இருந்தால், வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்காக மட்டும் எழுத வேண்டாம். வீட்டார் ஏற்றது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது.

படவேட்டில் அன்று நடந்தது சுருக்கமானது. கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாக வேனில் போனோம். மொட்டை போடும்போது பாப்பா தூங்கிவிட்டாள். குளித்துச் சந்தனம் பூசி, பத்தர் இரண்டு காதிலும் குங்குமத்தால் புள்ளி வைத்தார். இரண்டு புள்ளியும் நேராக இருக்கிறதா என்று நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். பார்த்தேன், இடது கொஞ்சம் மேலே இருந்தது, துடைத்து மறுபடி வைத்தார். குத்தும்போது ஒரு கையால் பாப்பாவின் தலையையும் இன்னொரு கையால் அவள் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முதல் காதுக்கு அழவில்லை, இரண்டாவதற்கு அழுதாள், வெல்லம் வாய்க்குப் போனதும் நின்றது. படம் எடுத்தது மாப்பிள்ளை. அங்கே பிரசாதமாகத் தரும் மண் திருநீற்றை ஆயா நிறைய பொட்டலம் கட்டச் சொன்னார். குறிப்பின் கடைசி வரி அவருடையது. படித்துவிட்டு என்ன செய்வது என்று திகைக்கிறவர்களுக்குச் செய்ய ஒரு வேலை வேண்டும், வீட்டுக்கு வந்து திருநீறு வாங்கிப் போகட்டும் என்றார். அதன்படியே வந்தார்கள்.

பதில்களில் பெரும்பாலும் கும்பிடும் கைகள். ஒரு தம்பி முறை நீளமாகப் பாராட்டி எழுதினான், என் தைரியத்தைப் பற்றி. அவனுக்குத் தனியாக நன்றி சொல்லிவிட்டு, குழுவில் பாப்பாவைப் பற்றிப் பேச்சைத் திருப்பினேன். ஒருவர் என் பழைய பெயரைப் போட்டு, “நல்லா இருக்கியாம்மா?” என்று கேட்டார். நான் பதில் எழுதும் முன்பே மாப்பிள்ளை எழுதியிருந்தார்: “மச்சான் நல்லா இருக்கார் மாமா. ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பார், வாங்க.” திருத்தவும் இல்லை, கோபிக்கவும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் பதில் என்னிடமிருந்து வருவதைவிட ஏற்றுக்கொண்டவர்களிடமிருந்து வருவது பல மடங்கு வலுவானது. வீட்டாருக்கு முன்பே வரியைக் கொடுத்து வைத்ததன் பலனை அங்கே பார்த்தேன். ஒரு பெரியவர் எதுவும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார். அப்பா அவர் வீட்டுக்குத் திருநீறு கொண்டு போனார். வாங்கிக்கொண்டார். குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை.

நான் எதிர்பார்க்காத அழைப்பு ஆரணி அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் தங்கை. பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, “அப்ப என் பொண்ணுங்களுக்கு நீ முறை ஆவுறியே” என்றார். ஆமாம், அதுவரை அந்தப் பெண்களுக்கு நான் மாமன் மகள், ஒரே பாயில் படுத்துக் கதை பேசினோம். இப்போது மாமன் மகன். அத்தைக்கு அதில் வருத்தம் இல்லை, கணக்குப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பெண்களில் மூத்தவள் அன்று இரவே போன் செய்து, “நான் இன்னா கூப்புடணும், மாமாவா?” என்றாள். உனக்கு எது வாயில் வருகிறதோ அது என்றேன். இப்போதைக்குப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். உறவுமுறை ஒரு இடத்தில் நகர்ந்தால் எல்லா இடத்திலும் நகர்கிறது. அதையெல்லாம் குறிப்பில் முன்கூட்டியே எழுதித் தீர்க்க முடியாது, ஒவ்வொருவரும் தங்கள் வழியில் வந்து கேட்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நெசவுக்காரர் பிறகும் கடைக்கு வந்தார். அன்று நான் இல்லை, அப்பா சொல்லித்தான் தெரியும். “பெரிய பொண்ணு?” என்று ஆரம்பித்தாராம். அப்பா சொன்னாராம்: “பொறந்தப்ப பொண்ணுன்னு எழுதினாங்க. அவன் பையன். பேத்திக்குக் காது குத்துனப்ப மடில வெச்சிக்கினு உக்காந்தான்.” போனில் படத்தைக் காட்டியிருக்கிறார். நெசவுக்காரர் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் போட்ட தோடு எத்தனை கிராம் என்று கேட்டாராம்.

அப்பாவுக்கு இப்போது வேறு கவலை. பெண் குழந்தைக்குத் தாய்மாமன் என்றால் மஞ்சள் நீராட்டுக்குப் பச்சை ஓலை கட்டுவதிலிருந்து கல்யாணச் சீர் வரை வரிசையாக இருக்கிறது, கையில் காசு இல்லாமல் உட்காராதே என்கிறார். அந்தச் சடங்கெல்லாம் வேண்டுமா என்பதைப் பாப்பா வளர்ந்து சொல்லட்டும் என்பது என் எண்ணம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனாலும் தெருவில் அம்மா சேர்ந்திருக்கும் சீட்டில் எனக்கும் ஒரு சீட்டு எடுத்தாயிற்று. பணம் சேர்ந்தால் அவள் கேட்பதற்கு ஆகும், படிப்பானாலும் சரி, சீரானாலும் சரி.